பத்து மடங்கு ஏன் மூன்று மடங்காகிறது?

மைய வங்கி விடும் ஓர் அலகுப் பணம் நாட்டில் எத்தனை அலகாகப் பெருகும் என்பதைச் சொல்லும் எண் பணப் பெருக்கி. பொருளியல் வகுப்பில் அதை ஒரே வரியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வங்கிகள் தம்மிடம் சேரும் வைப்பில் பத்து விழுக்காட்டைக் கட்டாயக் கையிருப்பாக ஒதுக்க வேண்டும் என்றால், ஒன்றைப் பத்து விழுக்காட்டால் வகுத்துக்கொள். விடை பத்து. மைய வங்கி 1000 அலகுப் புதுப் பணத்தை விட்டால், வங்கிகள் கடன் கொடுக்க, அது மறுபடி வைப்பாக வர, மறுபடி கடனாகப் போக, நாட்டில் பணம் 10,000 ஆகப் பெருகும். கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் உண்மையான புள்ளிவிவரங்களை எடுத்து, நாட்டின் மொத்தப் பணத்தை மைய வங்கி விட்ட பணத்தால் வகுத்துப் பார்த்தவர்களுக்குப் பத்து கிடைப்பதில்லை. மூன்றோ நான்கோதான் கிடைக்கும். சில காலங்களில் ஒன்றுகூடத் தேறாது.

அந்த ஒற்றை வரி இரண்டு விஷயங்களைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. கடன் வாங்கியவரிடமிருந்து கைமாறும் பணம் முழுவதும் மறுபடி வங்கிக்கே வந்துவிடும் என்பது ஒன்று. கட்டாயக் கையிருப்பு போக மிச்சத்தை வங்கி கடைசி அலகு வரை கடனாகக் கொடுத்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் நடப்பதில்லை. மக்கள் கொஞ்சம் ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். வங்கிகளும் கட்டாயத்துக்கு மேல் கொஞ்சம் வைத்துக்கொள்கின்றன. இந்த இரண்டாவதற்கு உபரி கையிருப்பு என்று பெயர்.

அதே 1000 அலகை இப்போது பின்தொடர்வோம். மக்கள் ஒவ்வொரு 100 அலகு வைப்புக்கும் 25 அலகு ரொக்கம் வைத்திருப்பவர்கள் என்று கொள்வோம். அப்படியானால் கைக்கு வரும் 1000 அலகில் 200 ரொக்கமாகத் தங்கும், 800 வங்கிக்குப் போகும். வங்கி அதில் கட்டாயத்துக்கு 80, தன் எச்சரிக்கைக்கு ஐந்து விழுக்காடு உபரியாக 40 என ஒதுக்கிவிட்டு 680-ஐக் கடன் கொடுக்கிறது. அந்த 680 இன்னொருவர் கைக்குப் போய், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு ரொக்கமாகத் தங்கி, மிச்சம் வங்கிக்கு வருகிறது. அடுத்த கடன் 462. அதற்கடுத்தது 314.

எளிய சூத்திரத்தில் இந்தத் தொடர் 1000, 900, 810 என்று மெதுவாக இறங்கும். இங்கோ ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழன்று போகிறது. ஐந்தாறு சுற்றுகளிலேயே தொடர் பெரும்பாலும் வற்றிவிடும். கடைசியில் மொத்தப் பணம் 3125: மக்கள் கையில் ரொக்கம் 625, வைப்பு 2500. வங்கிகளின் கையிருப்பு கட்டாயமாக 250, உபரியாக 125. ரொக்கத்தையும் கையிருப்பையும் கூட்டினால் சரியாக 1000. மைய வங்கி விட்ட பணம் எங்கும் தொலையவில்லை. பெருகாத இடங்களில் போய் உட்கார்ந்துவிட்டது.

இதைச் சுருக்கினால் கிடைப்பது:

```
m = (1 + c) / (r + e + c)
```

இதில் m பெருக்கி, r கட்டாயக் கையிருப்பு விகிதம், e உபரி விகிதம், c வைப்புக்கு எதிரான ரொக்க விகிதம். 1.25-ஐ 0.40-ஆல் வகுத்தால் 3.125.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ரொக்கத்தை மறந்து உபரியை மட்டும் சேர்த்தால் பெருக்கி 6.7. உபரியை மறந்து ரொக்கத்தை மட்டும் சேர்த்தால் 3.6. பத்தை மூன்றாக்கியதில் பெரும்பங்கு ரொக்கத்துக்கு என்பது தெரிகிறது.

காரணம் புரிய ஒரே ஒரு 100 அலகு நோட்டைப் பார்த்தால் போதும். அது வங்கியின் பெட்டகத்தில் கிடக்கும்போது கையிருப்பாகக் கணக்கிடப்படுகிறது. 15 விழுக்காடு வைத்துக்கொள்ளும் வங்கிகளில் அது 667 அலகு வைப்பைத் தாங்குகிறது. அதே நோட்டை ஒருவர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் அது தாங்குவது தன்னை மட்டுமே. வங்கிகள் பழைய விகிதத்துக்குத் திரும்பவேண்டுமானால் கடன்களைச் சுருக்க வேண்டும். வைப்பு 667 குறையும், ரொக்கம் 100 கூடும், மொத்தப் பணம் 567 குறையும். நோட்டு அச்சடிக்கப்படவும் இல்லை, எரிக்கப்படவும் இல்லை. இடம் மாறியது, அவ்வளவுதான்.

இதை லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பெருமந்தமே சாட்சி. 1929 ஆகஸ்டில் அங்கே அடிப்படைப் பணம், அதாவது ரொக்கமும் வங்கிக் கையிருப்பும் சேர்ந்து, 710 கோடி டாலர். அதன் மேல் நின்ற மொத்தப் பணம் 2650 கோடி. பெருக்கி 3.7. அடுத்த சில ஆண்டுகளில் வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூழ்கின. வைப்புக் காப்பீடு அப்போது இல்லை. அடுத்தது தன் வங்கியாக இருக்குமோ என்று பயந்தவர்கள் பணத்தை எடுத்தார்கள். அதைக் கண்ட வங்கிகள் மிச்ச வைப்புக்கு முன்பைவிட அதிகக் கையிருப்பை வைத்துக்கொண்டன. 1933 மார்ச்சில் ரொக்க விகிதம் 0.17-லிருந்து 0.41 ஆகவும், மொத்தக் கையிருப்பு விகிதம் 0.14-லிருந்து 0.21 ஆகவும் ஏறியிருந்தன. பெருக்கி 2.3-க்கு விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால் இதே காலத்தில் அடிப்படைப் பணம் குறையவில்லை, 840 கோடியாகக் கூடியது. பெருக்கி 1929-இன் அளவிலேயே இருந்திருந்தால் மொத்தப் பணம் 3100 கோடியைத் தாண்டியிருக்கும். உண்மையில் இருந்தது 1900 கோடி. அடிப்படைப் பணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பணக்கொள்கை தாராளமாக இருப்பதாகவே தோன்றியிருக்கும்.

உபரி கையிருப்பு வழக்கமாக ரொக்கத்தைவிடச் சாதுவானது. நாளை எவ்வளவு பணம் வெளியேறும் என்பது வங்கிக்கு முன்கூட்டித் தெரியாது; பற்றாக்குறை வந்தால் அவசரக் கடனுக்கு அபராத வட்டி கட்ட வேண்டியிருக்கும். அதற்கான மெத்தைதான் உபரி. அமைதியான காலத்தில் அது மிகச் சிறியது: 2008-இன் முற்பகுதியில் அமெரிக்க வங்கிகள் அனைத்தும் சேர்ந்து வைத்திருந்த உபரி 200 கோடி டாலர் அளவுதான். அந்த ஆண்டு முடிவில் அது 75,000 கோடியைத் தாண்டியது. நெருக்கடியில் மைய வங்கி பணத்தைக் கொட்டியது. அக்டோபரிலிருந்து கையிருப்புக்கு வட்டியும் கொடுத்தது. கடன் கேட்டு வருபவர் மீது நம்பிக்கை இல்லாதபோது, ஆபத்தே இல்லாமல் வட்டி கிடைத்தால் எந்த வங்கியாளர் வேண்டாம் என்பார்? ரொக்கமும் நடப்புக் கணக்கு வைப்பும் மட்டும் அடங்கிய குறுகிய அளவையில் பெருக்கி ஒன்றுக்கும் கீழே போனது. அந்த வைப்புகளின் தொகையைவிடக் கையிருப்பே பெரிதாகிவிட்டதன் விளைவு அது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். c, e இரண்டும் நிலையான எண்கள் அல்ல. வட்டி விகிதம், பயம், கடன் கேட்போரின் தரம் எல்லாம் அவற்றை நகர்த்தும். போதாததற்கு, நடைமுறையில் வங்கிகள் கையிருப்பை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடன் கொடுப்பதில்லை. முதலில் கடனைக் கொடுத்து வைப்பை உண்டாக்கிவிட்டு, தேவையான கையிருப்பைப் பிறகு தேடிக்கொள்கின்றன. ஆகவே பெருக்கியை நடந்து முடிந்ததற்கான கணக்காக நான் நம்புவேன். அடுத்த ஆண்டுப் பணப்புழக்கத்தை அதைக் கொண்டு கணிக்கச் சொன்னால் தயங்குவேன்.

எளிய சூத்திரத்துக்கு வந்த உண்மையான சோதனை 2020 மார்ச்சில். அமெரிக்க மைய வங்கி கட்டாயக் கையிருப்பு விகிதத்தைப் பூஜ்ஜியமாக்கியது. ஒன்றைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பெருக்கிக்கு எல்லையே இல்லை என்றாகிறது. நம் முழுச் சூத்திரத்தில் r-ஐப் பூஜ்ஜியமாக்கி மற்ற எண்களை அப்படியே விட்டால் 1.25-ஐ 0.30-ஆல் வகுக்க வேண்டும், விடை 4.2-கூட இல்லை. வங்கிகள் அதுவரை கட்டாயத்துக்கு வைத்திருந்ததை அப்படியே உபரியாக வைத்துக்கொண்டால் e 0.15 ஆகும், பெருக்கி பழைய 3.125-லேயே நிற்கும்.