தடைக்காலத்திலும் குறையாத விற்பனை

கீழக்கரையைச் சேர்ந்த ஒருவர், வளைகுடாவில் சம்பாதித்த பணத்தை மண்டபம் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் போட்டிருந்தார். விசைப்படகுகளில் இருந்து கணவாயும் இறாலும் வாங்கி, உறைய வைத்து, தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களுக்கு அனுப்பும் கம்பெனி. நடத்துபவர் வேறு ஆள், இவர் பணம் போட்ட பங்குதாரர் மட்டும். இன்னும் 60 லட்சம் போடச் சொல்லிக் கேட்டார்களாம். ராமநாதபுரத்தில் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் என் அலுவலகத்துக்கு வந்து கணக்கை மேசையில் வைத்தார். "ஆடிட்டர் கையெழுத்துப் போட்டதுதான் சார். லாபம் இரட்டிப்பாயிருக்கு. ஆனா பங்கு கேட்டா கையில காசு இல்லைங்கறாங்க. ஏன்னுதான் புரியல."

ஆளையும் ஊரையும் கண்டுகொள்ள முடியாதபடி விவரங்களையும் தொகைகளையும் மாற்றித்தான் இதை எழுதுகிறேன். கணக்கில் இருந்த முடிச்சுகள் மட்டும் மாறவில்லை.

முந்தைய ஆண்டு விற்பனை 12 கோடி, லாபம் 48 லட்சம். அவர் கொண்டுவந்த கணக்கின் ஆண்டில் விற்பனை 16.2 கோடி, லாபம் 1.10 கோடி. நான் ஆண்டுத் தொகையை அதோடு விட்டுவிட்டு மாதவாரி விற்பனையைக் கேட்டேன். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. விசைப்படகுச் சரக்கை நம்பியிருக்கும் கம்பெனிக்கு மே மாதம் படுத்துவிடும். முந்தைய ஆண்டு மே மாத விற்பனை 35 லட்சம்தான். இந்த ஆண்டு மே மாதம் 1.10 கோடி!

இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது, தடைக்காலத்தில் விலையும் ஏறும். "நாட்டுப்படகு மீன் வாங்கினோம், பக்கத்துக் கம்பெனிகளிடம் உறைந்த சரக்கும் வாங்கி விற்றோம்" என்றார்கள். சரி, இருக்கலாம். சந்தேகத்துக்குரிய ஒரு எண்ணைப் பார்த்ததும் மோசடி என்று முடிவுகட்டுவது எங்கள் தொழிலில் பெரிய தவறு. அவர்கள் சொல்வது உண்மையானால் வேறு எந்தக் கணக்கில் அதன் தடம் விழுந்திருக்க வேண்டும் என்று தேடுவதுதான் வேலை.

முதலில் மின்கட்டணம். உறைய வைக்கும் இயந்திரம் கிலோவுக்கு ஏற்ப மின்சாரம் தின்னும். விற்பனை 35 சதவீதம் கூடியிருக்க, யூனிட் 3 சதவீதம்தான் கூடியிருந்தது. பணத்தைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள், கட்டண விகிதம் மாறினால் பணம் ஏமாற்றும். அப்படியானால் கூடுதல் சரக்கை அவர்கள் உறைய வைக்கவில்லை. வெளியில் உறைந்ததாக வாங்கினோம் என்ற பதில் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் அடுத்தவர் உறைய வைத்ததை வாங்கி விற்றால் லாபவிகிதம் மெலிய வேண்டும். இங்கே நூறு ரூபாய் விற்பனைக்கு, மற்ற செலவுகளைக் கழிக்கும் முன் உள்ள மொத்த லாபம் 14 ரூபாயில் இருந்து 15 ஆகக் கூடியிருந்தது. லாரி வாடகையோ ஏறக்குறைய பழைய அளவிலேயே நின்றது. மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை.

அப்புறம் பாக்கி. வாடிக்கையாளர்களிடம் வரவேண்டியது 1.5 கோடியில் இருந்து 3.9 கோடி ஆகியிருந்தது. விற்பனையோடு வகுத்துப் பார்த்தால், முன்பு 46 நாளில் வந்துகொண்டிருந்த பணம் இப்போது 88 நாள் எடுக்கிறது. பங்குதாரரின் கேள்விக்கு இதுதான் நேரடி விடை. லாபம் தாளில் ஏறியது, காசு பாக்கியிலும் சரக்கிருப்பிலும் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பெனி ஓடியது வங்கியின் ரொக்கக் கடனில். அந்தக் கடனுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சரக்கிருப்பும் பாக்கியும் வைத்துத்தான் வங்கி நிர்ணயிக்கும். ஆகவே இந்த இரண்டையும் ஊதிக் காட்ட அவர்களுக்குக் காரணம் இருந்தது.

மார்ச் 31 சரக்கிருப்பு 2.1 கோடி. தடைக்காலம் வருவதால் முன்கூட்டியே சேர்த்து வைத்தோம் என்றார் நடத்துபவர். நம் ஊர்க்காரர் யாருக்கும் நியாயமாகப் படும் பதில். நானும் முதலில் தலையாட்டினேன். அப்புறம் அவர்களுடைய பட்டியலிலேயே இருந்த சராசரி அடக்கவிலை கிலோ 350 ரூபாயால் வகுத்தேன். 60 டன் வந்தது. குளிர்கிடங்கின் கொள்ளளவு 40 டன். மீதி 20 டன் எங்கே? "தூத்துக்குடியில் வாடகைக் கிடங்கில்." வாடகை ரசீது, சரக்கு ஏற்ற சீட்டு எதுவும் வரவில்லை. ஆடிட்டர் அறிக்கையில் சரக்கிருப்பு 'நிர்வாகம் சான்றளித்தபடி' என்று இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்தால், யார் நேரில் எண்ணினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

மார்ச் 28 முதல் 31 வரை மட்டும் 1.3 கோடிக்கு பில் போட்டிருந்தார்கள். ஆண்டுக் கணக்கைப் பார்ப்பவர் பெரும்பாலும் மார்ச் 31-இல் நின்றுவிடுவார். ஏப்ரல் கணக்கைக் கேட்டேன், தர மனமில்லாமல் பத்து நாள் இழுத்தார்கள். அதில், முதல் இரண்டு வாரத்திலேயே 95 லட்சத்துக்குத் 'தரக்குறைவு, திரும்பியது' என்று வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைத்திருந்தார்கள். போனதற்கும் லாரி இல்லை, வந்ததற்கும் லாரி இல்லை.

கொள்முதல் பக்கம் இன்னொரு ஓட்டை. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். மீனவரிடம் நேரடியாக வாங்கும் மீனுக்கு அதில் விலக்கு உண்டு. கரையில் ரொக்கம்தான் ஓடும் என்பதால் அந்த விலக்கு தேவையானதுதான். ஆனால் வாங்குபவரே எழுதிக்கொள்ளும் வவுச்சர்தான் ஆதாரம் என்பதால் பொய்க்கும் அது வசதி. விசைப்படகு மீன் வாங்கியதாக இருந்த வவுச்சர்களின் தேதிகளை, மீன்துறை படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுத்த நாட்களோடு ஒப்பிட்டோம். காற்று எச்சரிக்கையால் டோக்கனே கொடுக்காமல் நிறுத்திய நாட்களிலும், அதற்கடுத்த நாட்களிலும் 23 வவுச்சர்கள் இருந்தன. வங்கிக் கணக்கில், அந்த வவுச்சர்களுக்காக எடுத்த ரொக்கத்துக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, கிட்டத்தட்ட அதே தொகை இரண்டு புதிய வாடிக்கையாளர்களிடம் இருந்து 'வசூல்' என்று திரும்பி வந்திருந்தது.

அறிக்கையில் எவ்வளவு எழுதுவது என்பதில் யோசிக்க வேண்டியிருந்தது. மே மாத விற்பனையும் மின்சாரமும் சந்தேகத்தைத்தான் தரும், தொகையைத் தராது. உறுதியாகச் சொல்ல முடிந்தது இரண்டு. கிடங்கு நிரம்பியே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும் அதில் அடங்காத 20 டன், அதாவது 70 லட்சம். ஏப்ரலில் திரும்பிய விற்பனை 95 லட்சம். இவ்விரண்டையும் கழித்தால் 1.10 கோடி லாபம் 55 லட்சம் நட்டமாகிறது. ரொக்கம் சுற்றி வந்ததைத் தனிப் பகுதியாக, வவுச்சர் எண்களும் தேதிகளும் மட்டும் வைத்து, முடிவு சொல்லாமல் எழுதினேன். அந்த வாடிக்கையாளர்களின் கணக்கைப் பார்க்க எனக்கு அதிகாரம் கிடையாது.

பங்குதாரர் அறிக்கையை வாங்கிக்கொண்டு, 60 லட்சத்தைப் பற்றிப் பேசவில்லை. "ஏற்கனவே போட்டது?" என்று மட்டும் கேட்டார். கம்பெனியின் அந்த வாரத்துக் குளிர்கிடங்கு இருப்பை நேரில் எடை போட்டுப் பார்க்கக் கேட்டு, அன்றைக்கே கடிதம் எழுதினோம்.