பீப் அடித்தாலும் டிரை சால்டர் இருக்கலாம்

போன மாதம் கோட்டையூரிலிருந்து ஒரு பாலிடெக்னிக் தம்பி ஒரு போர்டைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பத்தா வீட்டில் இரண்டாங்கட்டு சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத் தானாக நிறுத்துவதற்காகச் செய்தது. ஒரு ஆர்டுயினோ நானோ, ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு 5 வோல்ட் ரிலே, முக்கியமான பாகங்கள் அவ்வளவுதான். அந்த ரிலே மோட்டாரின் கான்டாக்டரை மட்டும் இயக்கும். மோட்டார் கரண்டை இந்த மாதிரிப் போர்டின் ஈயத் தடம் வழியாக விடவே கூடாது. அதை அவர் சரியாகவே செய்திருந்தார்.

பிரெட்போர்டில் பத்து நாள் ஒழுங்காக ஓடியிருக்கிறது. டாட் போர்டில் சால்டர் செய்த பிறகுதான் தொந்தரவு. காலையில் வேலை செய்யும், மதியத்தில் ரிலே கடகடவென்று அடிக்கும். “எல்லா ஜாயின்டும் பீப் அடிக்குதுண்ணே, மூணு தடவை பார்த்துட்டேன்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான், எல்லாமே பீப் அடித்தது. ஆனால் பல மல்டிமீட்டர்கள் 30, 40 ஓம் இருந்தாலும் பீப் அடித்துவிடும். சோதிக்கும்போது மீட்டர் அனுப்பும் கரண்டும் மிகக் குறைவு. ஆகவே பீப் சத்தத்தை வைத்து வயர் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஈயம் உண்மையில் பிடித்திருக்கிறதா என்று அது சொல்லாது.

இப்படி ஈயம் சரியாகப் பிடிக்காத ஜாயின்டைத்தான் டிரை சால்டர் என்கிறோம். அதைக் கண்டுபிடிக்கக் கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும். ரிலேயின் கான்டாக்ட் பக்கத்து 230 வோல்ட் வயர்களை முழுக்கக் கழற்றி வைத்துவிட்டு, 5 வோல்ட் மட்டும் கொடுத்து ரிலேயை ஆன் செய்தேன். காயிலின் இரு முனைகளுக்கு இடையே 4.1 வோல்ட்தான் இருந்தது. டிரான்சிஸ்டர் 0.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி எங்கே போனது?

மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஜாயின்டாகப் பார்த்தேன். ஒரு முனையை உதிரிப்பாகத்தின் காலிலேயே வைக்க வேண்டும், ஈயத்தின் மேல் அல்ல. இன்னொரு முனையை அது சேர வேண்டிய வயரில் வைக்க வேண்டும். நல்ல ஜாயின்டில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் காட்டும். டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலுக்கும் கிரவுண்ட் வயருக்கும் நடுவே 700 மில்லிவோல்ட் காட்டியது. காயில் 70 ஓம், அதில் ஓடியது சுமார் 59 மில்லிஆம்பியர். அப்படியானால் அந்த ஒரு ஜாயின்டில் மட்டும் 12 ஓம். இந்த ரிலே இழுக்க 3.75 வோல்ட்டாவது வேண்டும். மதிய வெயிலில் காயில் சூடானால் அதன் ஓம் கூடும், இழுக்கத் தேவையான வோல்ட்டேஜும் கூடும். பிடிக்காத ஜாயின்டும் சூட்டில் அசைந்துகொடுக்கும். மதியத்தில் மட்டும் தகராறு வந்தது அதனால்தான்.

லென்ஸில் பார்த்தால் காரணமும் தெரிந்தது. கிரவுண்டுக்குப் பழைய வீட்டு வயரிங்கில் உரித்த தடித்த செம்புக் கம்பியைப் போட்டிருந்தார். கம்பி கறுத்திருந்தது. தடித்த கம்பி அயர்னின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் எமிட்டர் காலைச் சுற்றி வழிந்து பிடித்திருந்தது, கம்பியின் மேலோ பனித்துளி மாதிரி உருண்டு உட்கார்ந்திருந்தது. ஓரம் சரிந்து படியாமல் உள்நோக்கி மடிந்திருந்தால் அங்கே சந்தேகப்படுங்கள்.

மேலே இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்து ஒப்பேற்றாதீர்கள். பழைய ஈயத்தை எடுத்துவிட்டு, கம்பியைப் பிளேடால் பளபளப்பாகச் சுரண்டி, ரோசின் ஃபிளக்ஸ் தடவி, முதலில் கம்பிக்குத் தனியாக ஈயம் பூசினேன். பிறகு அகல முனை அயர்னை 350 டிகிரியில் வைத்துக் கம்பியை முதலில் சூடாக்கி, அப்புறம் காலைச் சேர்த்தேன். மூன்று, நான்கு நொடிக்கு மேல் வேண்டாம், இந்தப் பழுப்புப் போர்டில் செம்பு வட்டம் பெயர்ந்து வந்துவிடும்.

உடனே பவர் கொடுக்கவில்லை. நானோவை சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓமில் பார்த்தேன். கெபாசிட்டர் சார்ஜ் ஆவதால் எண் சிறிதாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போக வேண்டும். இங்கே 0.4 ஓமிலேயே நின்றது. மீட்டரின் இரு முனைகளைத் தொட வைத்தாலே 0.3 காட்டும், அப்படியென்றால் நேரடி ஷார்ட். போர்டின் பின்னால் போன் டார்ச்சைப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்த்ததில், வெட்டிப்போட்ட கால் துண்டு ஒன்று ஃபிளக்ஸில் ஒட்டி, இரண்டு வட்டங்களுக்குப் பாலம் போட்டிருந்தது. நான் சால்டர் செய்தபோது ஒட்டியதுதான் அது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்ததும் வந்துவிட்டது.

மறுபடி அளந்தபோது எமிட்டர் ஜாயின்டில் 2 மில்லிவோல்ட், காயிலில் 4.8 வோல்ட். ரிலேயின் 230 வோல்ட் கால்களுக்கும் மற்ற பகுதிக்கும் இடையே இருந்த வெற்று வட்டங்களை, 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி வரும்படி கத்தியால் சுரண்டி எடுத்த பிறகே போர்டைத் தம்பி கையில் கொடுத்தேன்.