பப்பாளி இலைச் சாறும் ஏறிய தட்டணுவும்

"எங்க பையனுக்கு பிளேட்லெட் அறுபதாயிரத்துக்கு இறங்கிடுச்சு. ரெண்டு நாள் பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம், ஏறிடுச்சு." டெங்கு காலத்தில் இதைக் கேட்காத தெரு இல்லை. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வாசகருக்கான மருத்துவக் குறிப்பில் இதை அப்படியே "பப்பாளி இலை டெங்குவைக் குணமாக்கும்" என்று எழுதினால், அது பொய்யாகிவிடும்.

நாட்களை எண்ணிப் பார்ப்போம். திங்களன்று காய்ச்சல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளேட்லெட் எனப்படும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மெல்லக் குறைந்து, வெள்ளி, சனிவாக்கில் அடிமட்டத்தைத் தொடும். வீடு பதறுவதும் பக்கத்து வீட்டு அக்கா இலையோடு வருவதும் அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு பெரும்பாலானோருக்கு எண்ணிக்கை தானாகவே ஏறும், எதுவும் குடிக்காதவர்களுக்கும்கூட. ஆக, சாறு கொடுக்கும் நாளும் உடல் மீளத் தொடங்கும் நாளும் அருகருகே வந்துவிடுகின்றன. பாராட்டு முழுக்க இலைக்குப் போய்ச் சேர்கிறது.

அப்படியானால் இலையில் ஒன்றுமே இல்லையா? அதுவும் அவசரமான தீர்ப்பு. 2013ல் மலேசியாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், சாறு குடித்தவர்களுக்குத் தட்டணுக்கள் கூடுதலாக ஏறின. ஆனால் யார் குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. தவிர, டெங்குவில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவல்ல. ரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் வெளியே கசிவதுதான். அந்தக் கசிவைச் சாறு தடுக்கும் என்று நிறுவப்படவில்லை. எனவே நான் இப்படி எழுதுவேன்: "தட்டணுக்கள் சற்று விரைவாக ஏற இச்சாறு உதவக்கூடும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆபத்தான கட்டத்தைத் தவிர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை." கொஞ்சம் சப்பென்று இருக்கிறது, தெரியும்.

கேலியும் உதவாது. "பாட்டி வைத்தியம், மூடநம்பிக்கை" என்று எழுதினால் வாசகர் சாற்றை விடமாட்டார். மருத்துவரிடம் சொல்வதைத்தான் விடுவார். சாறு கடுங்கசப்பு, சிலருக்கு வாந்தி வரும். ஓயாத வாந்தியோ டெங்கு மோசமாவதன் அறிகுறி. சாறு கொடுத்தது தெரியாவிட்டால் மருத்துவர் குழம்புவார். அதைவிட மோசம், நோயால் வரும் வாந்தியைச் சாற்றின் கசப்பு என்று வீட்டார் விட்டுவிடுவது.

எச்சரிக்கையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கடைசி வரியில் வைத்தால் பயனில்லை. வாட்ஸ்அப்பில் செய்முறைப் பத்தி மட்டும்தான் சுற்றும். அதனால் இலையை அரைக்கச் சொல்லும் அதே பத்தியில் இதுவும் இருக்க வேண்டும்: காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடையாதீர்கள், கசிவு தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அளவு மீறிய சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளை வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.