அந்தப் பச்சை ஒயரைப் பிடுங்குங்கள்: வர்ச்சுவல் ஷார்ட் என்றால் ஷார்ட் செய்வதல்ல

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. பட்டர்வொர்த்தில் சனிக்கிழமை மாலை நான் நடத்தும் டியூஷனுக்கு டிப்ளோமா படிக்கும் பையன் ஒருவன் பிரெட்போர்டும் கையுமாக வந்தான். "அக்கா, ஐசி கெட்டுப்போச்சு. மூணு மாத்திட்டேன், மூணுமே கெட்டதுதான்லா" என்றான். பாயான் லெப்பாஸில் டெஸ்ட் இன்ஜினியராக ஐசிகளைச் சோதித்தே சம்பளம் வாங்குகிறவள் நான். அடுத்தடுத்து மூன்றும் கெட்டது என்று யாராவது சொன்னால் ஐசியைத் தொடவே மாட்டேன், சுற்றியிருக்கும் ஒயர்களைத்தான் பார்ப்பேன்.

பார்த்தேன். 741 ஆப்-ஆம்ப், அதாவது பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைப் பெருக்கித் தரும் ஐசி. சிக்னல் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 2-ஆம் காலுக்கு, அதாவது மைனஸ் முனைக்கு வருகிறது. 6-ஆம் காலிலிருந்து, அதாவது அவுட்புட்டிலிருந்து, 100 கிலோ ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டர் அதே 2-ஆம் காலுக்குத் திரும்புகிறது. பிளஸ் முனையான 3-ஆம் கால் கிரவுண்டில். சப்ளை பிளஸ் மைனஸ் 12 வோல்ட். எல்லாம் சரி. கூடவே ஒரு பச்சை ஒயர், 2-ஆம் காலிலிருந்து நேராகக் கிரவுண்டுக்கு.

"இது எதுக்குத் தம்பி?"

"வர்ச்சுவல் கிரவுண்ட் அக்கா. மைனஸ் முனை கிரவுண்ட்ல இருக்குன்னு நோட்ஸ்ல இருக்கு. அதான் கிரவுண்ட் பண்ணேன்."

சிரிக்காதீர்கள். ஒயர் போடாத மற்றவர்களும் பரீட்சைத் தாளில் இதையேதான் செய்கிறார்கள். 2-ஆம் காலுக்கு வரும் கரண்ட்டை அங்கிருந்து கிரவுண்டுக்குள் இறங்குவதாக அம்புக்குறி போட்டுவிடுகிறார்கள். இவனாவது அதை ஒயராகப் போட்டதால் கண்ணில் பட்டது.

ஒரு நல்ல காரியமும் செய்திருந்தான். முதல் ஐசியில் அவுட்புட் பிளஸ் 10.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது, இரண்டாவதில் மைனஸ் பக்கம், மூன்றாவதில் மறுபடி பிளஸ் என்று குறித்து வைத்திருந்தான். மூன்று ஐசியும் நல்ல ஐசிதான் என்பதற்கு அந்தக் குறிப்பே சாட்சி. இரண்டு முனையும் கிரவுண்டில் கட்டப்பட்டிருந்தால் வித்தியாசம் பூஜ்யம், அவுட்புட்டும் பூஜ்யம் என்று தோன்றும். ஆனால் நிஜமான 741-க்குள் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட் ஆஃப்செட் இருக்கும். ஃபீட்பேக் இல்லாதபோது அது பெருக்கும் அளவு, அதாவது ஓப்பன் லூப் கெயின், சுமார் 2,00,000. பெருக்கிப் பாருங்கள், 200 வோல்ட் வருகிறது. சப்ளையோ 12 வோல்ட். போகமுடிந்த மட்டும் போய் முட்டி நிற்கும். பிளஸ் பக்கமா மைனஸ் பக்கமா என்பது அந்தந்த ஐசியின் ஆஃப்செட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஐசியை மாற்றினால் பக்கம் மாறுகிறது, சிக்னலைத் திருகினால் அவுட்புட் அசையவே இல்லை என்றால், மைனஸ் முனை எங்கோ கிரவுண்டோடு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஒயரைப் பிடுங்கினேன். 0.5 வோல்ட் கொடுத்தோம், அவுட்புட் மைனஸ் 5 வோல்ட். 2-ஆம் காலில் மீட்டர் வைக்கச் சொன்னேன். 1 மில்லிவோல்ட் அளவுதான் காட்டியது. "பாருங்கக்கா, கிரவுண்ட்தான்!" என்றான். அங்கேதான் எனக்குப் பொறுமை போனது.

பூஜ்யமாக இருப்பது வேறு, பூஜ்யத்தோடு கட்டப்பட்டிருப்பது வேறு. மலாயில் வர்ச்சுவல் என்பதற்கு 'மாயா' என்றே சொல்கிறோம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படக் கூடாது. 741-க்குள் அந்த இரண்டு கால்களுக்கும் நடுவே எந்தக் கம்பியும் கிடையாது. அங்கே இருக்கும் தடை வழக்கமாக 2 மெகா ஓம் அளவு. அப்படியானால் அந்தப் பூஜ்யத்தை யார் கொண்டுவருகிறார்கள்? அவுட்புட். 2-ஆம் கால் பூஜ்யத்துக்கு மேலே கொஞ்சம் எழும்பினால் அவுட்புட் கீழே இறங்குகிறது. இறங்கி, 100 கிலோ ஓம் வழியாக 2-ஆம் காலையும் கீழே இழுக்கிறது. இழுத்து இழுத்து, மைனஸ் 5 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்கத் தேவையான அளவு வித்தியாசம் மட்டும் மிச்சமிருக்கும்போது நிற்கிறது. 5 வோல்ட்டை 2,00,000-ஆல் வகுத்தால் 25 மைக்ரோவோல்ட். ஆஃப்செட்டைத் தள்ளிவிட்டால் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ளது அவ்வளவுதான். அதைப் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடலாம் என்ற சலுகைக்குத்தான் வர்ச்சுவல் ஷார்ட் என்று பெயர். பிளஸ் முனை கிரவுண்டில் இருக்கும்போது அதையே வர்ச்சுவல் கிரவுண்ட் என்கிறோம். அந்த ஒயரைப் போட்டதும் என்ன ஆயிற்று? அவுட்புட் இழுத்துப் பிடித்த கயிற்றை நடுவில் ஆணி அடித்து நிறுத்தியதுபோல் ஆயிற்று. அவுட்புட் என்ன ஆட்டம் போட்டாலும் 2-ஆம் காலுக்குத் தெரியாது. ஃபீட்பேக் ரெசிஸ்டர் சும்மா ஒரு லோடாகத் தொங்குகிறது.

சரி, கரண்ட் எங்கே போகிறது? 0.5 வோல்ட், 10 கிலோ ஓம், ஆக 50 மைக்ரோ ஆம்பியர். 741-இன் முனை எடுத்துக்கொள்வது வழக்கமாக 0.08 மைக்ரோ ஆம்பியர்தான். மீதி முழுவதும் 100 கிலோ ஓம் வழியாகப் போகிறது. அதனால் அதன் குறுக்கே 5 வோல்ட் விழுகிறது. ஒரு முனை பூஜ்யத்தில் இருப்பதால் மறுமுனை மைனஸ் 5. அந்தக் கரண்ட் 6-ஆம் காலுக்குள் நுழைந்து, ஐசி வழியாக மைனஸ் சப்ளைக்கு இறங்குகிறது. அம்புக்குறியை அங்கே போடுங்கள். கெயின் ஃபார்முலாவைத் தருவிப்பது இந்த இரண்டு வரியில் முடிந்துவிடும், எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதில் நேரம் போக்க மாட்டேன்.

இதே பையனுக்கு அடுத்ததாக, 2 வோல்ட் கொடுத்தால் அவுட்புட் எவ்வளவு, 2-ஆம் காலில் எவ்வளவு என்று கேட்டேன். பதில் டக்கென்று வந்தது: மைனஸ் 20, பூஜ்யம். 12 வோல்ட் சப்ளையில் மைனஸ் 20 எங்கிருந்து வரும்? இந்தப் பதிலைத் தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கிறது. அவுட்புட் மைனஸ் 10.5-இல் முட்டி நின்றுவிடும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் இழுக்க அதற்கு வழி இல்லை. இழுக்க முடியாதபோது 2-ஆம் கால் பூஜ்யத்தில் நிற்காது. அப்போது மிஞ்சுவது இரண்டு ரெசிஸ்டர்கள் மட்டும்தான், ஒரு முனையில் 2 வோல்ட், மறுமுனையில் மைனஸ் 10.5:

```
V(-) = (Vin*Rf + Vout*R1) / (R1 + Rf)
     = (2*100 + (-10.5)*10) / 110
     = 95 / 110
     = 0.86 V
```

ரெசிஸ்டர்களைக் கிலோ ஓமில் போட்டிருக்கிறேன், இரண்டையும் அப்படியே போட்டால் பரவாயில்லை. 2 வோல்ட் கொடுத்து மீட்டர் வைத்தோம். 0.8-க்கும் 0.9-க்கும் நடுவே காட்டியது. அப்போதுதான் அவன் முகம் மாறியது. வர்ச்சுவல் ஷார்ட் அந்த ஐசியோடு பிறந்த குணம் என்று நினைத்திருந்தான். அவுட்புட்டுக்கு இழுக்கத் தெம்பு இருக்கும் வரைதான் அது இருக்கும். இந்தச் சர்க்கியூட்டில் இன்புட் ஏறக்குறைய 1.05 வோல்ட்டைத் தாண்டியதுமே அது போய்விடுகிறது. வேலையிடத்திலும் இதுதான் எங்கள் முதல் சோதனை: மைனஸ் முனையில் மில்லிவோல்ட் கணக்கில் இருக்கவேண்டியது அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால், ஆம்ப்ளிஃபயர் தன் வேலையை விட்டுவிட்டது என்று அர்த்தம். காரணத்தை அப்புறம் தேடலாம். (நீங்கள் 741-க்குப் பதில் 5532 வைத்திருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அதற்குள் இரண்டு முனைகளுக்கும் நடுவே பாதுகாப்பு டயோடுகள் உண்டு, 0.86 வரை ஏற விடாது.)

பரீட்சை போடுபவர்களுக்குப் பிடித்த இன்னொரு குறும்பும் இருக்கிறது. அதே படம், பிளஸும் மைனஸும் மட்டும் இடம் மாறியிருக்கும். சிக்னலும் ஃபீட்பேக்கும் பிளஸ் முனைக்கு வரும், மைனஸ் கிரவுண்டில் இருக்கும். வர்ச்சுவல் ஷார்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் கெயின் இதற்கும் மைனஸ் 10 என்றே வரும். கணக்கு தவறு என்று சொல்லாது, அதுதான் ஆபத்து. உண்மையில் இங்கே முனை கொஞ்சம் எழும்பினால் அவுட்புட்டும் எழும்பி அதை இன்னும் மேலே தள்ளும். அவுட்புட் ஏதாவது ஒரு எல்லையில் ஒட்டிக்கொள்ளும். 0.5 வோல்ட் கொடுத்தபோது அது பிளஸ் 10.5-இல் ஒட்டியிருந்தால் பிளஸ் முனையில் 1.41 வோல்ட் இருக்கும். மேலே உள்ள ஃபார்முலாவிலேயே போட்டுப் பாருங்கள். அவுட்புட்டை மறுபக்கம் புரட்டவேண்டுமானால் இன்புட்டை மைனஸ் 1.05-க்குக் கீழே கொண்டுபோக வேண்டும். இது ஆம்ப்ளிஃபயர் ஆகாது, ஷ்மிட் டிரிகர்.

ஆகவே தம்பி, தங்கைகளே, கெஞ்சிக் கேட்கிறேன். பேனாவை எடுத்ததும் இரண்டு முனையும் சமம் என்று எழுதாதீர்கள். ஃபீட்பேக் எந்த முனைக்குப் போகிறது என்று படத்தில் விரல் வைத்துப் பாருங்கள். மைனஸுக்குப் போனால் சமம் என்று வைத்து அவுட்புட்டைக் கணக்கிடுங்கள். வந்த விடையை அந்தச் சப்ளையில் அவுட்புட் போகமுடிந்த எல்லையோடு ஒப்பிடுங்கள். எல்லையைத் தாண்டினால் சமம் என்று வைத்ததை அடித்துவிட்டு, அவுட்புட்டை எல்லையில் நிறுத்தி மறுபடி போடுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் ஆகுமா?

இன்புட் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று கேட்டால் முடிவிலி என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். 2-ஆம் கால் பூஜ்யத்தில் பிடித்து வைக்கப்பட்டிருப்பதால் சிக்னல் கொடுப்பவர் பார்ப்பது 10 கிலோ ஓம் மட்டும்தான். உள்ளுக்குள் 10 கிலோ ஓம் தடை உள்ள ஒரு சென்சாரை இதில் மாட்டினால் கெயின் மைனஸ் 5 ஆகிவிடும். அப்போதும் ஐசி கெட்டுவிட்டது என்று என்னிடம் வராதீர்கள்.

அப்புறம், 10 கிலோ ஹெர்ட்ஸில் ஆசிலோஸ்கோப்பை 2-ஆம் காலில் வைத்துவிட்டு, அங்கே சிறிய அலை தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். அந்த அலைவரிசையில் 741-இன் ஓப்பன் லூப் கெயின் 2,00,000-இலிருந்து சுமார் 100-க்கு இறங்கியிருக்கும். அவுட்புட் உச்சம் 5 வோல்ட் என்றால் 2-ஆம் காலில் 50 மில்லிவோல்ட் உச்சத்தோடு அலை வரத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு யாரும் மறுபடி பச்சை ஒயரைத் தேடிப் போகவேண்டாம்.