அமெரிக்கா கிளம்பும் அம்மாவின் காலும் காதும்

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பும் அம்மாக்கள், ஆறு மாதத்துக்கான பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை எழுதி வாங்க எங்கள் மதுரை கிளினிக்குக்கு வருவார்கள். அப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "வீல்சேர் போட்டிருக்காங்களாம்மா?" என்பதுதான். பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நடக்க முடியாமல் இல்லை. துபாயில் இறங்கி அடுத்த விமானத்தைத் தேடிப் போக அம்மாவுக்குப் பாஷை தெரியாதே என்று பிள்ளைகள் செய்யும் ஏற்பாடு அது. ஆனால் துபாய்வரை 4 மணி நேரம், அங்கிருந்து டல்லாஸ் போக சுமார் 16 மணி நேரம், நடுவே காத்திருப்பதும் வீல்சேரில் என்றால், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் கால் தொங்கியபடியே இருக்கிறது.

காலில் உள்ள ரத்தம் மேலே ஏற, கெண்டைக்கால் சதை சுருங்கிப் பிழிந்து தள்ள வேண்டும். நடக்காவிட்டால் ரத்தம் அடியில் தேங்கும். நீர் கசிந்து கணுக்கால் வீங்கும். சிலருக்கு உள்ளே இருக்கும் பெரிய சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. 4 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்யும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவருக்கு ரத்தக்கட்டி வரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் கணக்கிட்டது. எல்லோரும் பயப்பட வேண்டிய அளவு இல்லை. முன்பு கட்டி வந்தவர், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர், புற்றுநோய் உள்ளவர், கர்ப்பிணி, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்களில் சிலருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியே தேவைப்படும். டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். பயணத்துக்கென்று நாமாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்வது வேண்டாம்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. முழங்கால் வலி, பிரஷர், காலில் நரம்புச் சுருட்டல். மகன் ஜன்னல் சீட் போட்டிருந்தார். பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டு, பாத்ரூம் போகாமல் இருக்கத் தண்ணீரையே குறைத்துக்கொள்வார்கள் என்று சொல்லி, நடைபாதை ஓர சீட்டாக மாற்றச் சொன்னேன். துபாயில் கேட் வந்ததும் வீல்சேரைவிட்டு இறங்கி நடக்க வேண்டும். விமானத்தில் விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை எழுந்து நடை. உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குவது, பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, இப்படி இருபது முறை. தையல் மெஷின் மிதிப்பது மாதிரி என்றதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

அப்புறம் முழங்காலுக்குக் கீழ்வரை வரும் அழுத்தக் காலுறை. கணுக்காலையும் கெண்டையையும் டேப் வைத்து அளந்துதான் வாங்க வேண்டும். மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றார். விரல் திறந்த காலுறை கிடைக்கிறது, அதை வாங்கினோம். வீக்கம் ஏறுமுன் காலையிலேயே மாட்ட வேண்டும். மேல் விளிம்பைச் சுருட்டிவிட்டால் அதுவே கயிறு கட்டியதுபோல் இறுக்கும். சர்க்கரையால் பாதத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் இதைப் போடக் கூடாது. அதனால் பாதத்தில் நாடி பார்த்த பிறகே எழுதிக் கொடுத்தேன்.

இறங்கியபின் இரண்டு கணுக்காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்து, காலை உயர்த்திப் படுத்தால் ஓரிரு நாளில் வடிந்தால், அது சாதாரண வீக்கம். ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டையில் வலி, சூடு, சிவப்பு, இவைதான் பயப்பட வேண்டியவை. சந்தேகம் வந்தால் இரண்டு கெண்டையையும் ஒரே உயரத்தில் டேப்பால் அளந்து பாருங்கள். 3 செ.மீ. வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே, சிரையில் கட்டி இருக்கிறதா என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். வித்தியாசம் அதைவிடக் குறைவு என்பதற்காக வலியை விட்டுவிடவும் கூடாது. தைலம் போட்டு உருவிவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். இந்த வலிக்கு அதைச் செய்யவே கூடாது. பயணம் முடிந்து சில வாரம் கழித்தும் கட்டி தெரியவரலாம். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

அந்த அம்மாவின் கணவருக்கோ காதுதான் கவலை. முன்பு சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த சின்னப் பயணத்திலேயே, சளியோடு தூங்கிப்போய், இறங்கும்போது காது வலியில் துடித்தாராம். விமானம் இறங்க இறங்க கேபினில் காற்றழுத்தம் கூடும். தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழாய் திறந்தால்தான் உள்ளேயும் அழுத்தம் சமமாகும். விழுங்கும்போது அது திறக்கும்; தூக்கத்தில் நாம் விழுங்குவது குறைவு. அதனால் இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே விழித்துக்கொண்டு, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊத வேண்டும். காதில் 'டப்' என்றதும் நிறுத்திவிடலாம். வலி முற்றியபின் தம் கட்டி ஊதினால் குழாய் திறக்காது, காதுக்குத்தான் கேடு. பஞ்சு வைப்பதால் அழுத்தம் சமமாகாது. இந்த முறையும் அவருக்குச் சளி இருந்ததால், இறங்க ஒரு மணி நேரம் முன்பு விட ஆக்ஸிமெட்டாசோலின் மூக்குச் சொட்டு மருந்து எழுதினேன். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள் கேட்காமல் விடக் கூடாது. கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுத்தாலே போதும்.

இறங்கியபின் அடைப்பு ஓரிரு நாளில் சரியாகிவிடும். காதில் ரத்தமோ நீரோ வந்தாலும், தலை சுற்றினாலும், கேட்பது குறைந்தே இருந்தாலும் தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.