ஷேடோயிங் செய்தும் உச்சரிப்பு மாறவில்லையா? பதிவைக் கேளுங்கள்

அயல்மொழியில் பேசப் பயிற்சி எடுப்பவர்களிடம் ஷேடோயிங் என்ற சொல் இப்போது பரவலாகப் புழங்குகிறது. ஒலிப்பதிவில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் முடிப்பதற்குக் காத்திராமல், ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் நிழலைப் போலப் பின்தொடர்ந்து அதே சொற்களை அதே தாளத்தில் சொல்வதுதான் அது. பேச்சுப் பயிற்சியாளராக நானும் இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். ஆனால் என்னிடம் வருபவர்களில் பலர் இதை மாதக்கணக்கில் செய்து, பலன் இல்லாமல் சோர்ந்துபோனவர்கள். அவர்கள் செய்யும் தவறு கிட்டத்தட்ட ஒன்றேதான். அதை ஒருவருடைய கதையின் வழியாகச் சொல்கிறேன்.

அவர் கணக்காளர். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தினமும் தொலைபேசியில் ஆங்கிலம் பேச வேண்டிய வேலை. இலக்கணப் பிழை இல்லாமல் பேசுவார். ஆனாலும் எதிர்முனையில் இருப்பவர்கள் அடிக்கடி "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். மூன்று மாதமாக நாள்தோறும் நாற்பது நிமிடம் ஷேடோயிங் செய்ததாகச் சொன்னார். என் எதிரிலேயே செய்யச் சொன்னேன். இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனார். முடித்ததும், "இன்றைக்கு நன்றாகவே வந்தது" என்றார். அவருக்குத் தெரிந்தே நான் பதிவு செய்திருந்த அவர் குரலை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் பேசவில்லை. பிறகு, "இது நான் பேசியது மாதிரியே இல்லையே" என்றார்.

நடந்தது இதுதான். ஹெட்போனில் மாதிரிக் குரல் உரக்க ஒலிக்கும்போது அது நம் குரலை மூடிவிடுகிறது. தாளமும் ஏற்ற இறக்கமும் காதில் சரியாக விழுகின்றன. அவை நம் வாயிலிருந்தே வருவதாக மனம் எடுத்துக்கொள்கிறது. கூட்டுப் பாட்டில் சுருதி பிசகுபவருக்குத் தன் பிசகு கேட்காமல் போவதைப் போல. எனவே என் முதல் நிபந்தனை: ஒரு காதில் மட்டும் ஹெட்போன், மாதிரியின் ஒலியளவு நம் குரலைவிடச் சற்றுத் தாழ்வாக, ஒவ்வொரு அமர்விலும் ஒரு முறையாவது பதிவு. பதிவு இல்லாமல் செய்யும் ஷேடோயிங்கை நான் பயிற்சியாகவே கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது, அந்தப் பதிவில் எதைக் கேட்பது என்பது. அவர் பதிவில் இருந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டோம்: "ஐ வாஸ் கோயிங் டு டெல் யூ அபௌட் இட்." மொத்தம் பத்து அசைகள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒலி அலையைத் திரையில் பார்த்து நீளத்தை அளக்க முடியும். மாதிரிக் குரல் இதைச் சொல்ல ஏறக்குறைய 1.5 நொடி எடுத்தது, இவர் 2.4 நொடி எடுத்திருந்தார். வாக்கியத்துக்கு வாக்கியம் பின்தங்கி, நான்காவது வாக்கியத்தில் சொற்களை விழுங்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய விளக்கம், "என் நாக்குக்கு அவ்வளவு வேகம் இல்லை" என்பது. அநேகமாக எல்லோரும் தரும் விளக்கம் இது; அநேகமாக எப்போதும் தவறானது.

கூடுதலான 0.9 நொடி எங்கே போனது என்று தேடினோம். "கோ", "டெல்", "பௌட்" என்ற மூன்று அழுத்த அசைகளும் இரண்டு பதிவிலும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். வித்தியாசம் "வாஸ்", "டு", "யூ", "அபௌட்" என்பதன் முதல் "அ" ஆகிய நான்கு அசைகளில் இருந்தது. மாதிரிக் குரல் இவற்றைச் சராசரியாக 0.1 நொடியில் தொட்டுவிட்டுப் போனது. இவர் ஒவ்வொன்றுக்கும் 0.25 நொடி கொடுத்திருந்தார். அதிலேயே 0.6 நொடி போய்விட்டது. மிச்சம் "அபௌட்" முடிந்து "இட்" தொடங்குமுன் விட்ட இடைவெளி. மாதிரிக் குரலில் அந்த இரண்டும் "அபௌடிட்" என்று ஒரே சொல்லாக ஒட்டியிருந்தன.

ஆங்கிலத்தில் அழுத்தமில்லாத அசையின் உயிரொலி சுருங்கி, நிறம் இழந்து, "அ"வுக்கும் "இ"க்கும் நடுவே மங்கலாக நிற்கும். "டு" என்பது "ட" போலவும், "வாஸ்" என்பது "வஸ்" போலவும் தேயும். இது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. "காடு", "பாக்கு" என்ற சொற்களின் கடைசி உகரத்தை நாம் முழுதாக ஒலிப்பதில்லை. ஒரு மாத்திரை உகரம் அங்கே அரை மாத்திரையாகக் குறுகுகிறது. குற்றியலுகரம் என்று இலக்கணம் அதற்குப் பெயரும் வைத்திருக்கிறது. யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை. ஆங்கிலம் அந்தக் குறுக்கத்தை உகரத்துக்கு மட்டுமின்றி, ஏறக்குறைய எல்லா உயிர்களுக்கும், சொல்லின் எந்த இடத்திலும் செய்கிறது. இதைச் சொன்னதும் அந்தக் கணக்காளரின் முகம் தெளிந்தது. புதிய திறமை தேவையில்லை, இருக்கும் திறமையைப் புதிய இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது.

இங்கேதான் ஷேடோயிங்கின் உண்மையான வலிமை இருக்கிறது. ஒருவர் சொல்லி முடித்து நிறுத்த, பிறகு நாம் திருப்பிச் சொல்லும் பழைய முறையில் நடுவே ஓர் இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் மனம் சொற்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, தாளத்தை நம் தாய்மொழியின் தாளமாக மாற்றிவிடுகிறது. ஷேடோயிங்கில் அதற்கு நேரமில்லை. மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது; அசைக்கு அசை முழு எடை கொடுப்பவர் பின்தங்கியே தீருவார். ஆகவே பின்தங்குவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில் பின்தங்கினீர்களோ, அதற்குச் சற்று முன்னால் ஏதோ ஒரு மெலிந்த அசையை நீங்கள் தடிமனாக்கியிருக்கிறீர்கள். பதிவில் அங்கே தேடுங்கள்.

பின்தொடரும் இடைவெளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த முறை முதலில் பெயர்பெற்றது மொழி வகுப்பில் அன்று, ஆய்வுக்கூடத்தில். 1953இல் காலின் செர்ரி, இரு காதிலும் இரு வேறு பேச்சுகளைக் கேட்கவைத்து ஒன்றை மட்டும் உடனுக்குடன் சொல்லவைத்து, கவனம் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தார். 1973இல் வில்லியம் மார்ஸ்லன்-வில்சன், சிலர் தம் தாய்மொழியில் கால் நொடி அளவே பின்தங்கிப் பின்தொடர முடிவதையும், அந்த வேகத்திலும் பொருளைப் புரிந்துகொண்டே பேசுவதையும் காட்டினார். அவர்கள் விதிவிலக்கானவர்கள், அதுவும் தாய்மொழியில். கற்பவர் அந்தக் கால் நொடியைத் துரத்த வேண்டியதில்லை. ஒன்றிரண்டு சொல் பின்னால் இருந்தால் போதும். ஆனால் பொருள் புரிந்திருக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. எந்தச் சொல்லில் அழுத்தம் விழும் என்பதைத் தீர்மானிப்பதே பொருள்தான். புரியாத பேச்சைப் பின்தொடர்ந்தால் வெறும் முணுமுணுப்பே மிஞ்சும்.

கணக்காளருக்கு நான் கொடுத்த திட்டம் சிறியது: ஒரே ஆள் பேசும், பின்னணி இசை இல்லாத, எழுத்து வடிவமும் கிடைக்கிற இருபது நொடிப் பதிவு ஒன்று. நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம், ஐந்து நாள். நாற்பது நிமிடம் வேண்டாம் என்றேன். கால் மணி நேரம் தாண்டினால் காது தளர்ந்து, வாய் மட்டும் ஓடும்.

முதல் நாள் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேட்டு, எழுத்து வடிவத்தில் அழுத்த அசைகளுக்குக் கீழே கோடிட்டார். ஒட்டும் சொற்களை வளைகோட்டால் இணைத்தார். இரண்டாம் நாள் சொற்களை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் பின்தொடர்ந்தார். வலுவான அசைக்கு "டா", மெலிந்ததற்கு "த". நம் வாக்கியம் இப்படி வந்தது: த த டா த த டா த த டா த. இதைச் சொல்லும்போது மேசையில் விரலால் "டா"வுக்கு மட்டும் தட்டச் சொன்னேன். தட்டுகள் ஏறக்குறைய சீரான இடைவெளியில் விழுந்தபோது, மெலிந்த அசைகள் அந்த இடைவெளிக்குள் தாமாகவே சுருங்கின.

மூன்றாம் நாள் எழுத்தைப் பார்த்தபடி மாதிரியோடு சேர்ந்தே படித்தார். நான்காம் நாள் எழுத்தை மூடிவிட்டு, உண்மையான ஷேடோயிங். இந்தக் கட்டத்தில் பலர் பதிவின் வேகத்தைப் பாதியாகக் குறைப்பார்கள். கேட்பதற்காக முக்கால் வேகம் வரை குறைப்பதில் தவறில்லை. பேசுவதற்கு இயல்பான வேகமே வேண்டும். மிக மெதுவான வேகத்தில் ஒவ்வொரு அசையையும் முழுதாகச் சொல்ல நேரம் கிடைத்துவிடுவதால், விரட்ட நினைத்த பழக்கமே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். பதிவு நீளமாக இருந்தால் வேகத்தைக் குறைக்காமல் துண்டைச் சிறிதாக்குங்கள்.

ஐந்தாம் நாள் பதிவில் அந்த வாக்கியம் 1.7 நொடிக்கு வந்திருந்தது. ஆனால் இன்னொரு குறை தெரிந்தது. மாதிரிக் குரல் "டெல்" என்ற இடத்தில் உயர்ந்து, அங்கிருந்து இறங்கி, "அபௌடிட்" முழுவதையும் தாழ்ந்த சுருதியில் முடித்தது. இவர் குரல் கடைசி "இட்"டில் மேலே ஏறியது. நம் பேச்சில் சொற்றொடரின் முடிவில் குரல் சற்று ஏறுவது வழக்கம். இன்னும் சொல்ல இருக்கிறது என்று அது உணர்த்தும். ஆங்கிலம் கேட்பவருக்கோ வாக்கியம் முடியவில்லை என்றோ, கேள்வி கேட்கிறார் என்றோ படும். தொலைபேசியில் எதிர்முனையினர் அடிக்கடி மௌனமாகக் காத்திருந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றியது. வாயை மூடி "ம்ம்" என்று மெட்டை மட்டும் முனகிப் பின்தொடரும் பயிற்சியை மேலும் இரண்டு நாள் சேர்த்தோம். சொற்கள் இல்லாதபோது சுருதியின் இறக்கம் பளிச்சென்று கேட்கும்.

இந்த முறையால் தீராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காது பிரித்தறியாத ஒலியை ஷேடோயிங் கற்றுத் தராது. கீழுதட்டைப் பல் தொடும் "வ"வையும் உதடு குவியும் "வ"வையும் ஆங்கிலம் வேறுபடுத்துகிறது. நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. கணக்காளர் மூன்று மாதமும் ஒன்றையே இரண்டுக்கும் சொல்லிவந்திருந்தார், நூற்றுக்கணக்கான முறை. கண்ணாடி முன் நின்று உதட்டைப் பார்த்துத் தனியாகப் பழகிய பிறகுதான் அது பிரிந்தது. இப்படிப்பட்ட ஒலி உங்களிடம் இருந்தால், ஷேடோயிங்கை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் பிழைக்குத்தான் பயிற்சி நடக்கும்.

கடைசிச் சோதனை, மூன்று நாள் இடைவெளிக்குப் பிறகு. மாதிரியைக் கேட்காமல் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். உடனே அதே அச்சில் தன் வாக்கியம் ஒன்றையும் வார்க்க வேண்டும். அவர் சொன்னது: "ஐ வஸ் ட்ரையிங் ட கால் யு அபௌடிட்." த த டா த த டா த த டா த. குரல் "கால்" என்ற இடத்தில் உயர்ந்து, கடைசியில் இறங்கி நின்றது. பதிவைக் கேட்டுவிட்டு, அடுத்த இருபது நொடித் துண்டைத் தானே தேர்ந்தெடுத்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.