பின்பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் கண்டது

ஏற்காடு மலையில் ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்தாம் வகுப்பில் பின்னப் பாடம். "மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா?" என்று கேட்டேன். "மூன்றில் ஒன்று, டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. நான் அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

அன்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் நான்கு பேர் வகுப்பில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு குழுவின் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் பேசுவதை அப்படியே எழுத வேண்டும், என்னைப் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஜப்பானில் 'ஜுக்யோ கென்க்யூ' என்று நடக்கும் பாட ஆய்வு இதுதான். சேர்ந்து பாடத்தைத் திட்டமிடுவது, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பது, அன்றே உட்கார்ந்து பேசுவது, திருத்தி இன்னொரு வகுப்பில் நடத்துவது.

மாலையில் ஒருவர் தன் குறிப்பை வாசித்தார். ஒரு பையன் தன் நான்கில் ஒன்றைத் தோழியின் மூன்றில் ஒன்றோடு வைத்துப் பார்த்து, "என்னோடதுதான் பெருசு" என்றிருக்கிறான். அவன் சொன்னது சரி. காகிதப் பட்டைகளை நான்தான் வெட்டினேன். ஏ4 தாளைச் சிலதை நீளவாக்கில், சிலதைக் குறுக்கே. அவன் பட்டை ஏறக்குறைய 30 செ.மீ., அதில் கால் பங்கு ஏறக்குறைய ஏழரை. அவளுடையது 21, அதில் மூன்றில் ஒன்று ஏழு. ஒப்பிட வேண்டுமென்றால் முழுசு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நாங்கள் ஐந்து பேருமே திட்டத்தில் எழுதவில்லை. அடுத்த பள்ளியில் இரண்டு நீளப் பட்டைகளையும் வேண்டுமென்றே கொடுத்து, "ஏன் இப்படி வருகிறது?" என்பதையே பாடத்தின் முதல் கேள்வியாக்கினோம்.

சரி, இதனால் பிள்ளைகளின் கற்றல் உயர்கிறதா? அமெரிக்காவில் கேத்தரின் லூயிஸும் ரெபெக்கா பெர்ரியும் 39 ஆசிரியர் குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். 2017-இல் வெளியான முடிவில், பாட ஆய்வோடு பின்னம் பற்றிய பாடப்பொருள் தொகுப்பும் பெற்ற குழுக்களில் ஆசிரியர், மாணவர் இருவரின் பின்ன அறிவும் கூடியிருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் 181 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவும் வந்தது. அங்கே கணிதத்திலும் வாசிப்பிலும் மதிப்பெண் உயர்ந்ததாகத் தெரியவில்லை. ஒப்பீட்டுக்கு வைத்த பள்ளிகள் சிலவற்றிலும் இதைப் போன்ற வேலை நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டும் அளந்தது ஒன்றையே அல்ல. முன்னது பின்னத்தை மட்டும் அளந்தது, பின்னது பொதுத் தேர்வை. ஆனாலும் என் அனுபவத்தில் தொகுப்பு இல்லாத கூட்டங்கள் சீக்கிரம் நீர்த்துப்போகின்றன. "கரும்பலகை அழகாக இருந்தது", "குரல் கணீரென்று இருந்தது" என்று பேச்சு ஆசிரியரிடம் திரும்பினால், யாரும் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதனால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் இப்போது முதல் அரை மணி நேரம் பாடப்புத்தகத்தைத்தான் படிக்கிறோம். இந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்பதை ஒவ்வொருவரும் எழுதிய பிறகுதான் திட்டம் போடுகிறோம்.